ஷூவா, சாக்ஸா, வெறுங்காலா?

இந்த வாரம் ஒரே கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். கேட்டிருப்பது ஒருவர்தான் என்றாலும், வீட்டு ஹாலில் மொபைலைச் சாய்த்து வைத்துவிட்டு உடற்பயிற்சி செய்யும் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

'எனக்கு வயது 52. வாரத்தில் நான்கு நாள், காலை ஆறரை மணிக்கு ஆன்லைன் வகுப்பு. 40 நிமிடம். ஸ்குவாட், லஞ்ச், ஜம்பிங் ஜாக் எல்லாம் முடித்துக் கடைசியில் யோகா. பயிற்சி தருபவர் ஷூ போட்டுக்கொள்ளச் சொல்கிறார். முன்பு யோகா கற்றுக்கொடுத்தவர் வெறுங்காலில்தான் நிற்க வேண்டும் என்பார். வீட்டுக்குள் ஷூ போட்டால் என் அத்தைக்குப் பிடிக்காது. அதனால் சாதாரண சாக்ஸ் போட்டுக்கொண்டு செய்தேன். போன வாரம் லஞ்ச் செய்யும்போது பின்னால் வைத்த கால் டைல்ஸில் வழுக்கிக்கொண்டே போய், தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் குதிகாலில் குத்துகிற மாதிரி வலி வேறு. 74 வயது அத்தையும் என்னோடு நாற்காலியில் உட்கார்ந்து யோகா செய்ய ஆசைப்படுகிறார். அவருக்கு 18 வருடமாகச் சர்க்கரை. நாங்கள் இரண்டு பேரும் காலில் எதைப் போட்டுக்கொள்வது?'

முதலில் ஒன்றை முடித்துவிடுவோம். டைல்ஸ் தரையில் சாதாரண சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஷூ, கிரிப் சாக்ஸ், வெறுங்கால் மூன்றுக்கும் ஏதோ ஒரு பயிற்சியில் இடம் உண்டு. சாதாரண சாக்ஸுக்கு எதிலும் இல்லை. வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸில் நூல் சாக்ஸ் பாலிஷ் துணி மாதிரி ஓடும். யோகா மேட்டின் மேலும் அது நழுவத்தான் செய்யும். கோலி குண்டில் நிற்பதும் அதுவும் ஒன்றுதான்.

ஸ்குவாட் செய்ய வெறுங்கால்

ஷூ என்றதும் பெரும்பாலும் நம் வீட்டில் இருப்பது ஓடுவதற்கான ஷூ. அல்லது மகன் போட்டுவிட்டு ஒதுக்கிய பழைய ஜோடி. ஓடும் ஷூவின் குதிப்பகுதியை மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போகும். முன்பகுதியைவிடக் குதிப்பகுதி பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயரமாகவும் இருக்கும். முன்னோக்கி ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் வரும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகச் செய்த அமைப்பு அது. அந்த வேலைக்கு நல்லது.

ஸ்குவாட்டில் நாம் ஓடுவதில்லை. இரண்டு கால்களையும் ஊன்றி, உடம்பின் முழு எடையையும் மெதுவாக இறக்கி ஏற்றுகிறோம். அப்போது பாதத்தில் மூன்று இடங்கள் தரையைப் பிடித்திருக்க வேண்டும்: குதிகால், பெருவிரலின் அடிப்பகுதி, சுண்டுவிரலின் அடிப்பகுதி. முக்காலிக்கு மூன்று கால் மாதிரி. காலுக்கு அடியில் மெத்தை இருந்தால் இந்த முக்காலி ஆடும். எந்தப் பக்கம் எடை சாய்கிறதோ அந்தப் பக்கம் மெத்தை அமுங்கும். பாதம் உள்பக்கமாகச் சாய்ந்தால் முட்டியும் கூடவே உள்பக்கம் போகும். ஸ்குவாட் செய்தால் முட்டி வலிக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன ஷூ போட்டுக்கொண்டு செய்கிறீர்கள் என்பதைத்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுவருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். ஓடும் ஷூவோடு ஒற்றைக் காலில் 20 விநாடி. பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு அதே காலில் 20 விநாடி. கணுக்கால் எதில் அதிகமாக ஆடுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வெறுங்காலில் ஆட்டம் குறையும். உள்ளங்கால் தோலில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. எடை எந்தப் பக்கம் போகிறது என்ற தகவல் அங்கிருந்துதான் மூளைக்குப் போகிறது. தடிமனான சோல் அந்தத் தகவலை மங்கலாக்கிவிடும். விருக்ஷாசனத்தில், வீரபத்ராசனத்தில் வெறுங்காலில் நிற்கச் சொல்வதில் உள்ள நியாயம் இதுதான். விரல்கள் விரிந்து தரையைப் பற்ற வேண்டும். ஷூவுக்குள் அவை விரியவே முடியாது.

ஆனால், ஷூவைக் கழற்றியதும் சிலருக்கு ஸ்குவாட்டில் குதிகால் தரையைவிட்டுத் தூக்கும். கணுக்கால் இறுகியிருப்பதன் அடையாளம் அது. இத்தனை நாள் ஷூவின் உயரமான குதி அதை மறைத்திருக்கும். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால், முழு ஸ்குவாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்து எழுந்திருப்பதையே ஸ்குவாட்டாகச் செய்யுங்கள். கணுக்கால் மெல்ல இளகும்.

குதிக்கும்போது கதை மாறும்

ஜம்பிங் ஜாக்கில் ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும் உடல் எடையைவிடப் பல மடங்கு விசை பாதத்தில் விழுகிறது. நம் வீட்டுத் தரை கான்கிரீட், அதன் மேல் டைல்ஸ். மரத்தரை போல அது கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. முழு அதிர்ச்சியும் காலுக்கே திரும்பி வரும். ஐந்து, பத்து நிமிடம் தொடர்ந்து குதிக்கிறீர்கள் என்றால் ஷூ அவசியம்.

எந்த ஷூ? மறுபடியும் ஓடும் ஷூ இல்லை. ஜம்பிங் ஜாக்கில் கால் பக்கவாட்டில் போகிறது. உயரமான, மென்மையான சோல் பக்கவாட்டு அடியில் பிரண்டுவிடும். கடையில் 'டிரெயினிங் ஷூ' என்று கேளுங்கள். சோல் தட்டையாக, அகலமாக, ஓரளவு கெட்டியாக இருக்க வேண்டும். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுப்பாதத்தில் இரண்டாக மடிந்தால் வைத்துவிடுங்கள். அப்படியே துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்கினால் அதுவும் வேண்டாம். வாங்குவதை மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். அளவு சரியாக அமையும்.

இந்த ஜோடி வாசற்படியைத் தாண்டக் கூடாது. தெருவில் ஒருநாள்கூட மிதிக்காத ஷூவுக்கு அத்தையிடமிருந்து ஆட்சேபம் வராது என்று நம்புகிறேன். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. தெருத் தூசி ஒட்டிய சோல் டைல்ஸில் நடந்தால் தரையும் வழுக்கும்.

இன்னொன்று. மேட்டின் மேல் நின்று குதிக்காதீர்கள். டைல்ஸில் மேட் நகரும், ஓரம் சுருளும், ஷூ அதில் தட்டும். குதிப்பது தரையில், படுப்பதும் யோகாவும் மேட்டில்.

கிரிப் சாக்ஸ் எதற்கு?

அடிப்பகுதியில் சிலிக்கான் அல்லது ரப்பர் போன்ற புள்ளிகள் பதித்த சாக்ஸ் இது. வெறுங்காலும் வழுக்குகிற நேரத்தில்தான் இதன் அருமை தெரியும். சிலருக்குக் கால் அதிகம் வியர்க்கும். திரிகோணாசனத்தில் கால்களை அகட்டி நின்றால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டே இருக்கும். பித்த வெடிப்புக்கு இரவில் எண்ணெயோ களிம்போ தடவிப் படுப்பவர்கள், காலையில் எழுந்து கழுவாமல் மேட்டில் நிற்பார்கள். கால் வழுக்குவதோடு, மேட்டும் எண்ணெய் குடித்து நிரந்தரமாக வழுக்க ஆரம்பிக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மொசைக் தரையில் காலை வைக்கவே முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் பலரும் பயன்படுத்தும் பொது மேட் என்றால், சேற்றுப்புண் தொற்றாமல் இருக்கவும் உதவும். இவர்களுக்கெல்லாம் ஷூவைவிடவும் வெறுங்காலைவிடவும் கிரிப் சாக்ஸ் நல்லது.

வாங்கும்போது புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நடுவில் மட்டும் அழகுக்குப் பூ போட்டிருப்பார்கள். குதியிலும், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும், விரல்களின் அடியிலும் இருக்க வேண்டும். எடை விழுவது அங்கேதான். அளவு பாதத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் சாக்ஸ் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கால் அதற்குள் வழுக்கும். நிறையப் பேர் 'கிரிப் சாக்ஸ் போட்டும் வழுக்குகிறது' என்பது இதனால்தான். யோகாவுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் சாக்ஸ் நல்லது, விரல்கள் விரியும். மெட்டி போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாக்ஸுக்குள் மெட்டி அழுந்தும், லஞ்சில் பின்னங்காலின் விரல்கள் மடங்கும்போது இன்னும் அழுந்தும். கழற்ற மனமில்லை என்றால் வெறுங்காலே போதும். கொலுசையும் சாக்ஸ் விளிம்புக்கு மேலே தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

பிடிப்பு எல்லா நேரத்திலும் நன்மை செய்யாது. ஸும்பா போன்ற நடனப் பயிற்சியில் கால் தரையில் சுழல வேண்டும். கிரிப் சாக்ஸ் பாதத்தை அங்கேயே நிறுத்திவிடும். உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு போய்ச் சேருவது முட்டியில். ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூவும் இதையேதான் செய்யும். சுழலும் அடிகள் உள்ள வகுப்புக்கு, சோல் அதிகம் கவ்வாத இலேசான ஷூ போட்டு, திரும்பும்போது குதிகாலைத் தூக்கித் திரும்புங்கள். காலை உரசி உரசி நடக்கும் முதியவர்களுக்கும் கிரிப் சாக்ஸ் ஒத்துவராது. ஒட்டிய கால் முன்னே வராமல் உடம்பு மட்டும் முன்னே போய்க் குப்புற விழுவார்கள்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, சாதாரணத் தண்ணீரில், மென்மையான சோப்பில் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தில் முக்க வேண்டாம். புள்ளிகளின் மேல் படலம் படியும். நிழலில் உலர்த்துங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை சாக்ஸைக் கையில் மாட்டி, உலர்ந்த டைல்ஸில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். லேசாகத் தள்ளியதும் ஓடினால் அதன் ஆயுள் முடிந்தது. தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

இனி கடிதத்துக்கு வருவோம்

எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குத்தும் வலி, நடக்க நடக்கக் குறைவது, நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துவது: இந்த மூன்றும் இருந்தால், குதிகாலிலிருந்து விரல்களுக்கு ஓடும் உள்ளங்கால் தசைநார் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வயதில் மிகவும் சகஜம். மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை, 'வெறுங்கால் நல்லது' என்று நான் எழுதியதை உங்களுக்கு அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வெறுந்தரையில் நீண்ட நேரம் வேண்டாம். படுக்கையிலிருந்து இறங்கும்போதே மெத்தென்ற செருப்பில் காலை வையுங்கள், சமையலறையிலும் அதுவே. குதிக்கும் பயிற்சிகளை வலி அடங்கும்வரை நிறுத்திவிட்டு, நின்ற இடத்தில் நடைபோடுங்கள்.

உங்கள் 40 நிமிடத்தை இப்படி மாற்றலாம். வீட்டு ஷூவோடு ஆரம்பியுங்கள். முதல் 5 நிமிடம் உடலைச் சூடேற்றுவது. அடுத்த 8 நிமிடம், வகுப்பில் மற்றவர்கள் குதிக்கும் நேரத்துக்குப் பதிலாக நடை. வலி போன பிறகு இதே இடத்தில் ஜம்பிங் ஜாக். வகுப்பில் அது கடைசியில் வந்தால், பயிற்சி தருபவரிடம் சொல்லி முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் மட்டும் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். ஷூவை ஒருமுறை கழற்றினால் போதும். பிறகு ஸ்குவாட்டும் லஞ்சும் 12 நிமிடம், மேட்டின் மேல், வெறுங்காலில். மீதி 15 நிமிடம் யோகா, அதுவும் வெறுங்காலில். உங்களுக்குக் கால் வியர்க்கும் என்றால் மட்டும் கிரிப் சாக்ஸ்.

மேட் 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். வலிக்கு இதமாக இருக்கும் என்று மெத்தை போன்ற தடிமனான மேட் வாங்கினால், ஒற்றைக் காலில் நிற்கும்போது ஓடும் ஷூ செய்த அதே வேலையை அது செய்யும். புது மேட்டின் மேல் வழுக்கும் படலம் இருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து உலர்த்தினால் போகும்.

வெறுங்காலில் முதல் வாரம் கெண்டைக்கால் வலிக்கலாம். அது பிரச்னை இல்லை. மறுநாள் காலை முதல் அடியில் குத்துவது முந்தைய நாளைவிட அதிகமானால், வெறுங்கால் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். இந்தக் காலை வலிதான் உங்களுக்கு அளவுகோல். தொடை இடுக்குப் பிடிப்பு முழுவதும் போகும்வரை லஞ்ச் வேண்டாம். வீட்டில் மாப் போட்ட பின் ஃபினாயில் தண்ணீர் நன்றாகக் காய்ந்த பிறகே பயிற்சி. ஆறரை மணி வகுப்புக்கு ஆறே காலுக்கு மாப் போட வேண்டாம்.

அத்தையின் கால்

இந்தப் பகுதியைச் சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடிதம் எழுதியவரிடம் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னேன். அத்தையை உட்காரவைத்துக் கண்களை மூடச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மிக மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொடுவது தெரிந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு இடம். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால், பாதத்தின் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். 'ஆறில் மூன்று தெரியவில்லை. அத்தைக்கே ஆச்சரியம், கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்' என்று பதில் வந்தது.

இப்படித்தான் வரும். உணர்வு போவது உணர்வில் தெரியாது. நான் இதுவரை வெறுங்காலுக்குச் சொன்ன எல்லா நன்மையும் உள்ளங்கால் தரையை உணர்வதால் வருவது. அது போன பாதத்துக்கு வெறுங்கால் எதையும் கொடுக்காது, ஆபத்தை மட்டுமே கொடுக்கும். மேட்டில் கிடக்கும் ஊக்கு, டைல்ஸின் உடைந்த விளிம்பு, மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்த தரை, எதுவும் உறைக்காது. காயம் ஆனதே தெரியாமல் புண்ணாகிவிடும். அதனால் அத்தை யோகாவுக்கும் வெறுங்காலில் நிற்க வேண்டாம், மேட்டின் மேல்கூட. கிரிப் சாக்ஸும் இவருக்குத் தீர்வாகாது. மெல்லிய துணி எதையும் தடுக்காது, இறுக்கமான எலாஸ்டிக் காலில் வரி பதிக்கும், உள்ளே இருக்கும் தையல் விரலை உரசினால் அதுவும் அவருக்குத் தெரியாது.

பின்பக்கம் பட்டை வைத்த, உள்ளே மிருதுவான எம்.சி.ஆர். செருப்பு, அல்லது முன்பக்கம் அகலமான மூடிய ஷூ. சர்க்கரை நோயாளிகளுக்கான பாதச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளில் அளவெடுத்துத் தருவார்கள். ஷூ என்றால் உள்ளே தையல் இல்லாத, இறுகாத வெள்ளை பருத்தி சாக்ஸ். வெள்ளை எதற்கென்றால், இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கல் போதும்.

நாற்காலி யோகாவைத் தாராளமாகச் செய்யலாம். கைப்பிடி உள்ள கனமான நாற்காலியாக, சுவரில் சாய்த்துப் போட்டதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் பின்னால் நகரும். எழுந்து நிற்கும் ஆசனங்கள், பாதத்தை மருத்துவர் பார்த்த பிறகு. அந்த மூன்று விரல்களைப் பற்றி இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள். குனிய முடியாத நாளில் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து அதன் மேல் காலை நீட்டச் சொன்னால் அவரே பார்த்துக்கொள்வார். சிவப்பு, கொப்புளம், வழக்கத்தைவிடச் சூடான இடம், புதிதாக ஒரு தடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் யோகா கிடையாது, மருத்துவமனை.